பொட்டலம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் தேயிலை, அண்ணனுக்கும் எனக்கும் பொது. இலையை ஃபேக்டரிக்குத்தான் போடுகிறோம். நான்கு வருடமாக என் பங்கு இலையில் கொஞ்சம் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கையால் உருட்டி டீ செய்கிறேன். ஜனவரியில் செய்த ஒரு லாட்டைச் சென்னையில் டீ வியாபாரம் செய்யும் ஒருவர் குடித்துப் பார்த்தார். மாதம் 20 கிலோ எடுக்கிறேன், இப்போதைய இலையில் கால் கிலோ சாம்பிளும் விலையும் அனுப்புங்கள் என்றார். 19 நாள் ஆயிற்று. பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. மூன்று முறை பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். அவர் போன் இரண்டு தடவை வந்தது, எடுக்கவில்லை. முன்பும் இப்படித்தான். 2014இல் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, சேர வேண்டிய அன்று வேண்டுமென்றே மாதிரி பஸ்ஸை விட்டேன். இரண்டு வருடம் முன்பு ஊட்டியில் ஒரு ரிசார்ட் விலை கேட்டது, பதிலே அனுப்பவில்லை. “வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிற ராசி உனக்கு” என்கிறார் அம்மா. இது ராசியா, சோம்பலா, வியாதியா?

பதில்: ராசியை முதலில் தள்ளி வைத்துவிடலாம். “வேண்டுமென்றே மாதிரி” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வார்த்தை போதும். சோம்பலும் இல்லை. சோம்பேறி பொட்டலமே கட்டியிருக்க மாட்டார், மூன்று தடவை பிரித்துக் கட்டுவது அதைவிடப் பெரிய வேலை.

வியாதியா என்பதற்கு ஒரு சின்னக் கேள்வி. சென்னைக்காரரின் போன் அடித்து அடித்து நின்றதே, அந்த நொடியில் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது? “அப்பாடா” என்றுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வருத்தமும் அவமானமும் ராத்திரிக்குத்தான் வந்திருக்கும். அப்படி என்றால் நாம் பேச வேண்டியது கிட்டே வந்த நல்லதைக் கண்டு வரும் பயத்தைப் பற்றி. முதலிலேயே வருத்தம் மட்டும் வந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். இந்த ஆர்டர் மட்டுமில்லாமல் டீ செய்வதே சலித்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் கெட்டுப்போயிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் எல்லா நாளும் இப்படியே போகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குக் கடிதம் போதாது, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் மூன்று முறை பிரித்து முகர்ந்தவருக்கு டீ சலிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஏன் எப்போதும் கடைசி நிமிடத்தில்? பஸ் ஏறும் நாளில், விலை அனுப்பும் நாளில், பொட்டலம் கட்டிய பிறகு? அதற்கு முன் நான்கு வருடம் ஒழுங்காகத்தானே உழைத்தீர்கள்?

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் நீல் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் சொன்னது. ஒரே இடத்தின் மேல் ஆசையும் இருந்து பயமும் இருந்தால், அந்த இடத்தை நெருங்க நெருங்க இரண்டுமே ஏறும், ஆனால் ஒரே வேகத்தில் ஏறாது என்றார். ஜட்சன் பிரவுன் என்பவர் 1948இல் எலிகளுக்குச் சின்னக் கச்சை மாட்டி, அவை எவ்வளவு பலமாக இழுக்கின்றன என்று அளந்து பார்த்தார். தீனி இருக்கும் முனையை நோக்கி இழுக்கும் பலம் தூரத்திலும் கிட்டத்திலும் பெரிதாக மாறவில்லை. மின்சார அதிர்ச்சி கிடைத்த முனையிலிருந்து விலகி ஓடும் பலமோ, தூரத்தில் கிட்டத்தட்ட இல்லை. கிட்டே வைத்தால் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன.

நம் ஊர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை தண்டவாளம் கிட்டத்தட்ட சமதரையில் போகிறது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது, பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். ஆசை மேட்டுப்பாளையம் பாதை, பயம் கல்லாறுக்கு மேல் போகும் பாதை. நீங்கள் நான்கு வருடம் சமதரையில் வந்தீர்கள், பயம் கண்ணிலேயே படவில்லை. “சாம்பிள் அனுப்புங்கள்” என்று அவர் சொன்ன அன்று கல்லாறு வந்துவிட்டது.

இதில் நடைமுறைக்கு உதவுகிற விஷயம் ஒன்று உண்டு. பயம் அப்படியே இருக்கும்போது ஆசையை மட்டும் ஏற்றினால் ஆள் இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நிற்பார், அங்கே பயமும் இன்னும் அதிகமாக இருக்கும், தவிப்புதான் கூடும். “உன்னால் முடியும்” வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மறுபடி பிரித்திருக்கிறீர்களா? இருக்கலாம். தள்ளுவதை விட்டுவிட்டு, மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அதன் கனத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த “அப்பாடா”வையும் சும்மா விடாதீர்கள். போனை எடுக்காமல் விட்டதற்கு உங்களுக்குக் கிடைத்த கூலி அது. கூலி கிடைக்கிற வேலையை மனசு திரும்பச் செய்யும். 2014இல் பஸ்ஸை விட்டபோது வாங்கிய கூலிதான் ரிசார்ட் விஷயத்தில் கையைப் பிடித்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேலே இரண்டு விஷயம் உட்கார்ந்திருப்பதாகப் படுகிறது. ஒன்று “அண்ணனுக்கும் எனக்கும் பொது” என்ற வரியில் இருக்கிறது.

கணக்குப் போடுவோம். ஒரு கிலோ டீக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். மாதம் 20 கிலோ என்றால் 80 முதல் 90 கிலோ, அதுவும் இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துக் கிள்ளிய நல்ல இலை. “என் பங்கில் கொஞ்சம்” என்பது சில மாதங்களில் போதாது. அண்ணனிடம் கேட்க வேண்டி வரும். நல்ல கொழுந்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஃபேக்டரிக்குப் போகும் மிச்சத்தின் தரம் இறங்கும், அதுவும் அவர் தலையில் விழும். அவர் இன்னும் தேயிலை வாரியம் மாதாமாதம் சொல்லும் பச்சை இலை விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தம்பி கிலோக்கணக்கில் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். ஹட்டியில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இந்த விஷயத்துக்கு “வெற்றி பயம்” என்று பெயர் வரக் காரணமானவர் மட்டினா ஹார்னர். 1968இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. ஆன் என்ற பெண் மருத்துவக் கல்லூரியில் முதல் பருவத் தேர்வில் வகுப்பிலேயே முதலிடம் வந்திருக்கிறாள், கதையைத் தொடருங்கள் என்று மாணவிகளிடம் கொடுத்தார். மாணவர்களுக்கு ஜான் என்ற பையன். மாணவிகளில் பெரும்பாலோர் ஆனுக்குக் கெடுதலாகவே எழுதினார்கள்: தோழிகள் விலகிப் போனார்கள், கல்யாணம் ஆகவில்லை, படிப்பையே விட்டாள் என்றெல்லாம். பெண்களுக்குள் வெற்றியைக் கண்டு பயம் இருக்கிறது என்று அப்போது முடிவு கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் ஆனைப் பற்றிய கதையைப் பையன்களிடமும் கொடுத்துப் பார்த்தால், அவர்களும் அவளுக்குக் கெடுதலாகத்தான் எழுதினார்கள். ஆக பயம் அந்தப் பெண்ணின் மனசில் மட்டும் இல்லை. மேலே வந்தால் ஊர் கேட்கும் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதை எழுதினார்கள்.

நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம், உங்கள் பயத்தைக் கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அண்ணனைத் தாண்டிப் போவதற்கு ஒரு விலை உண்மையிலேயே இருக்கலாம். எவ்வளவு என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அதுதான் சிக்கல்.

இரண்டாவது விஷயம் “ஜனவரியில் செய்த ஒரு லாட்”. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, பகலில் வெயிலும் இரவில் உறைபனியும் மாறி மாறி இருக்கும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, வாசம் தூக்கலாக இருக்கும். நீலகிரி டீக்கே பெயர் வாங்கிக்கொடுக்கும் இலை அது. சென்னைக்காரர் குடித்தது அந்த டீ, பொட்டலத்தில் இருப்பது இப்போதைய இலை. அந்த ஜனவரி லாட் ஏன் அவ்வளவு நன்றாக வந்தது என்று உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? எத்தனை மணி நேரம் வாட்டினீர்கள், எவ்வளவு நேரம் உருட்டினீர்கள்? இல்லை என்றுதான் ஊகிக்கிறேன். “எப்படியோ வந்துவிட்டது, மறுபடி வராது” என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அப்படியே காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, பிறகு “பிரமாதமாகச் செய்தீர்கள்” என்று பாராட்டினார்கள். எப்படிச் செய்தோம் என்று அந்த மாணவர்களுக்கே தெரியாது. அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மாத்திரைகளைக் காட்டினார்கள்: ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும், எது வேண்டும்? காரணம் தெரியாமல் ஜெயித்தவர்களில், முக்கியமாக ஆண்களில், பலர் மந்தமாக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். அடுத்த முறை சொதப்பினால் பழியை மாத்திரை மேல் போடலாம், கிடைத்த பெயர் பத்திரமாக இருக்கும். (மாத்திரை நிஜமில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.)

உங்கள் மந்த மாத்திரை அந்தப் பொட்டலம்தான். நல்ல காய்ந்த டீ காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டியதை மூன்று முறை பிரித்தீர்கள், அதுவும் நம் ஊர் ஈரக் காற்றில். ஒவ்வொரு தடவையும் “இன்னும் கொஞ்சம் நல்ல லாட் வரட்டும்” என்ற சாக்கு கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி காரியம் எப்போதும் நல்ல வேஷம் போட்டுத்தான் வரும். தரம் பார்க்கிறேன், அவசரப்படவில்லை, இன்னும் ஒரு தடவை சரிபார்க்கிறேன்.

நானும் இதில் சளைத்தவள் இல்லை. என் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டு, பைண்டிங் அட்டை நிறம் சரியில்லை என்று ஏழு மாதம் வைத்திருந்தேன். நிறம் அடர்நீலம். இப்போதும் அதே நிறம்தான்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். தோற்றால் என்ன ஆகும் என்று வேண்டாம், அது உங்களுக்கு மனப்பாடம். ஆர்டர் உறுதியாகிவிட்டது, அடுத்த திங்கள்கிழமை காலை ஆறு மணி, என்ன நடக்கிறது? யார் இலை கிள்ளுகிறார்கள், ஷெட்டில் ஒரே நாளில் எவ்வளவு வாட்ட முடியும், அண்ணன் வாசலில் நின்று என்ன கேட்கிறார், அண்ணி என்ன சொல்கிறார், முதல் பணம் வந்ததும் யார் கைமாற்று கேட்பார்கள்? எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எதெல்லாம் நிச்சயம், எதெல்லாம் உங்கள் ஊகம் என்று பக்கத்தில் குறியிடுங்கள். இலைக் கணக்கு நிச்சயம். “அண்ணன் பொறாமைப்படுவார்” ஊகம். நான் பார்த்தவர்களில் பலருக்கு, அதிகம் பயமுறுத்தியவை ஊகப் பக்கத்தில்தான் இருந்தன. எல்லோருக்கும் அப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் ஊகத்தைச் சோதிக்க ஒரே வழி அவரிடம் பேசுவது. ஆர்டர் உறுதியான பிறகு பேசாதீர்கள், அப்போது அது அறிவிப்பு மாதிரி இருக்கும், உங்கள் பயமும் உச்சத்தில் இருக்கும். இப்போதே பேசுங்கள். “அண்ணா, ஒருத்தர் டீ கேட்கிறார். என் பங்கு இலை பத்தாது. உங்க இலையையும் ஃபேக்டரி விலைக்கு மேல போட்டு நானே எடுத்துக்கிறேன். எவ்வளவு வெச்சா உங்களுக்குச் சரிவரும்?” அவ்வளவுதான். அவர் கூட்டாகச் செய்யலாம் என்று சொல்லலாம், முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். முடியாது என்றால் 20 கிலோ உங்களால் ஆகாது என்பது தெளிவாகிவிடும், ஆர்டரைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். இரண்டில் எது நடந்தாலும் இருட்டில் நின்றுகொண்டிருந்த ஆள் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்.

ஜனவரி லாட் பயத்துக்கு மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பக்கம். கிள்ளிய தேதி, எந்தப் பாத்தி, முந்தைய இரவு பனியா மழையா, வாடும் முன் எடை, வாடிய பின் எடை, வாட்டிய மணி நேரம், உருட்டிய நிமிடம், உலர்த்திய நேரம், கடைசியில் குடித்துப் பார்த்து ஒரு வரி. பத்துப் பக்கம் நிறைந்ததும், நன்றாக வந்ததில் எவ்வளவு பனிக்காலத்தால் வந்தது, எவ்வளவு உங்கள் கையால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். பனிக்கால வாசத்தை மழைக்காலத்தில் கொண்டுவர யாராலும் முடியாது. அதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால், நீங்கள் காப்பாற்ற வேண்டிய பொய் ஒன்று குறையும்.

அவருக்குப் போன் பண்ணத் தைரியம் வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: “ஐயா, போன் எடுக்காததற்கு மன்னிக்கவும். நீங்கள் குடித்தது பனிக்கால இலை. இப்போதைய இலையில் அந்த வாசம் இருக்காது. புதிய லாட்டில் 100 கிராம் வியாழக்கிழமை அனுப்புகிறேன். பிடித்திருந்தால் முதல் மூன்று மாதம் 5 கிலோ வீதம் தொடங்கலாமா?” இருபதை ஐந்தாக்குவது பின்வாங்குவது இல்லை. மேலே இருக்கும் பயத்தின் கனத்தைக் கால்வாசி ஆக்குகிறீர்கள். அவர் இந்நேரம் வேறு ஆளைப் பிடித்திருக்கவும் கூடும். அப்படியிருந்தாலும் செய்தியை அனுப்புங்கள். “அப்பாடா” என்ற கூலியை வாங்காமல் ஒரு விஷயத்தை நீங்கள் முடித்ததாக இருக்கும்.

வியாழக்கிழமைக்கு ஒரு வாக்கியம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்: “‘இன்னும் நல்ல லாட் வரட்டும்’ என்று தோன்றினால், அந்த நிமிடமே செருப்பைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தோடு கூரியர் கடைக்குப் போவேன்.” வேடிக்கையாக இருக்கும். ஆனால் “எப்படியாவது அனுப்பிவிடுவேன்” என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, இது வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். உங்கள் சாக்கையே மணியாக மாற்றிக்கொள்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சாம்பிள் போய்ச் சேர்ந்து அவர் சரி என்று சொன்னதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் 5 கிலோ அனுப்பும் வாரத்தில் இது மறுபடி வரும். பில் போட மறப்பது, மூட்டை தைக்க நூல் இல்லை என்பது, திடீரென்று யார் வீட்டு விசேஷத்துக்கோ மூன்று நாள் போவது. வந்தால் பழையபடி ஆகிவிட்டோம் என்று சோர்ந்துவிடாதீர்கள், அடுத்த ஏற்றம் அவ்வளவுதான். வாக்கியத்தை மாற்றி ஒட்டுங்கள். நாலைந்து முறை முயன்றும் ஒவ்வொரு முறையும் கை அப்படியே நின்றுவிடுகிறது, அல்லது ஃபேக்டரி, வீடு, நட்பு என்று எல்லா இடத்திலும் இதே கதை என்றால் நேரில் ஒரு மனநல ஆலோசகரோடு உட்காருவது நல்லது.

இதையெல்லாம் எழுதிப் பார்த்த பிறகு, இந்த ஆர்டர் வேண்டாம் என்றே உங்களுக்குத் தோன்றலாம். அதுவும் சரிதான். அண்ணன் தம்பி உறவு 20 கிலோ டீயைவிடப் பெரிது என்று முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைச் சென்னைக்காரரிடம் வாயைத் திறந்து “இப்போது முடியாது ஐயா” என்று சொல்லுங்கள். போன் அடித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அந்தப் பழைய பொட்டலத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டாம். இன்று சாயங்காலம் பிரித்து அண்ணனுக்கு ஒரு டம்ளர் போட்டுக் கொடுங்கள். எவ்வளவு நமத்துப்போயிருக்கிறது என்று அவரே சொல்வார், பேச்சை அங்கிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம்.